பெயர் தெரியாத கம்பெனியில் பார்த்த வேலையை ரெஸ்யூமில் எழுதுவது எப்படி: அடிக்கடி வரும் கேள்விகள்

கோவையில் ஒரு மெஷினிங் ஷாப்பில் எட்டு வருடம் குவாலிட்டி பார்த்தேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்யும் இடம். அந்தத் தெருவைத் தாண்டினால் கம்பெனி பெயர் யாருக்கும் தெரியாது. இப்போது வேறொரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும்போது டெக்னிக்கல் ரவுண்டில் உட்காருகிறேன், அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் மெஷினிங் ஷாப்பிலிருந்துதான் வரும், எனக்குத் தெரிந்த தொழில் அது.

என் கம்பெனி பேரே யாருக்கும் தெரியாது. பேருக்குக் கீழே என்ன எழுதினா போதும்?

ஒரே ஒரு வரி. அதில் நான்கு விஷயம் வரவேண்டும்: என்ன பொருள், யாருக்காக, எத்தனை பேர், எந்த ஊர். உங்கள் பதவிக்கும் வேலை விவரத்துக்கும் முன்னால், கம்பெனி பெயருக்கு நேர் கீழே இது நிற்க வேண்டும்.

நான் எழுதும் மாதிரி இப்படி: "மோனோபிளாக் பம்புகளின் வார்ப்பிரும்பு மோட்டார் பாடி, பம்ப் கேசிங் ஆகியவற்றை கோவையின் மூன்று பம்ப் உற்பத்தியாளர்களுக்கு மெஷினிங் செய்து தரும் ஜாப் வொர்க் ஷாப்; 12 சிஎன்சி இயந்திரங்கள், இரண்டு ஷிப்ட், சுமார் 60 பேர், கோவை." ரெஸ்யூமை ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இவ்வளவுதான்.

பொருளை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "இன்ஜினியரிங் கம்பெனி" என்று எழுதினால் அது கேட் கிரில் அடிக்கும் பட்டறையாகவும் இருக்கலாம், விமானப் பாகம் செய்யும் இடமாகவும் இருக்கலாம். "வார்ப்பிரும்பு மோட்டார் பாடி" என்று படித்த உடனே எனக்கு அந்த ஷாப்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்: கரித்தூள் படிந்த தரை, ஃபவுண்டரியிலிருந்து வந்து குவிந்து கிடக்கும் வார்ப்புகள், டர்னிங் சென்டர்கள், துளை அளக்கும் போர் கேஜோடு நிற்கும் ஒரு பையன். நீங்கள் எதை அளந்திருப்பீர்கள், எதில் திணறியிருப்பீர்கள் என்பது பாதி புரிந்துவிடும். அப்புறம் நான் கேட்கும் கேள்வியும் உங்களுக்குத் தெரிந்ததாகவே வரும்.

விசிட்டிங் கார்டுல "லீடிங் மேனுஃபேக்சரர் அண்ட் எக்ஸ்போர்ட்டர்"னு போட்டிருக்கு. அதையே எழுதிடலாமா?

வேண்டாம். அது வாடிக்கையாளரைப் பிடிக்க முதலாளி எழுதிய வரி, அதிலிருந்து அளவும் தெரியாது, துறையும் தெரியாது. எக்ஸ்போர்ட் நிஜமாகவே நடந்தால் மட்டும் எழுதுங்கள், அதுவும் "உற்பத்தியில் சுமார் கால் பங்கு இலங்கைக்கும் வளைகுடாவுக்கும்" என்பது போல. நீங்கள் பேக்கிங் லிஸ்ட்டைக் கண்ணால் பார்த்திருந்தால்தான் அப்படி எழுத முடியும்.

பிஎஃப்ல 38 பேர்தான் இருக்காங்க, ஆனா ஷாப்ல 60 பேர் வேலை பார்க்கிறோம். எதை எழுதறது?

இரண்டையும் எழுதுங்கள்: "38 நிரந்தரப் பணியாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட சுமார் 60 பேர்." கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

இதில் ஏன் கவனமாக இருக்கச் சொல்கிறேன் என்றால், இந்த எண்ணை வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியும். இபிஎஃப்ஓ இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் கம்பெனி பெயரையோ பிஎஃப் கோடையோ போட்டால் மாதாமாதம் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பது வரும். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் அதைத்தான் முதலில் திறப்பார்கள். நீங்கள் 60 என்று எழுதி அங்கே 38 இருந்தால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களின் பிஎஃப் அந்த ஒப்பந்தக்காரரின் கோடில் கட்டப்படும், அதனால்தான் இந்த வித்தியாசம். இது தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை, தெரியாதவர் உட்கார்ந்தால் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேரிலிருந்துதான் கட்டாயம். உங்கள் இடத்தில் பதினைந்து பேர் என்றால் அந்தப் பக்கத்தில் கம்பெனி பெயரே வராமல் போகலாம். அப்போதும் பதினைந்து என்றே எழுதுங்கள். பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் செய்யும் வேலையின் அகலமே வேறு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

டர்ன்ஓவர் எழுதலாமா? எங்க கம்பெனி வருஷத்துக்கு 3 கோடிகூட இல்ல, பார்க்கவே சின்னதா தெரியுமே.

ஜாப் வொர்க் ஷாப் என்றால் டர்ன்ஓவரை விட்டுவிட்டு, மாதம் எத்தனை பீஸ் என்று எழுதுங்கள். இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே காட்ட வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது பிடிபடுவதே இல்லை.

ஒரு ஷாப் மாதம் 20,000 வார்ப்புகளை மெஷினிங் செய்கிறது என்று வையுங்கள். ஒரு பீஸுக்கு மெஷினிங் கூலி 120 ரூபாய். மாத வரவு 24 லட்சம், வருடத்துக்கு 2 கோடியே 88 லட்சம். வார்ப்பு வாடிக்கையாளருடையது, டெலிவரி சலானில் வரும், வேலை முடிந்து போகும். அதன் விலை உங்கள் பில்லில் ஏறாது. இதே ஷாப் வார்ப்பையும் தானே 600 ரூபாய்க்கு வாங்கி முடித்துக் கொடுத்தால் ஒரு பீஸ் 720 ரூபாய், மாதம் 1 கோடியே 44 லட்சம், வருடத்துக்கு 17 கோடிக்கு மேல். அதே இயந்திரம், அதே ஆட்கள், அதே 20,000 பீஸ், காகிதத்தில் மட்டும் ஆறு மடங்கு வித்தியாசம்.

ஆக "3 கோடி டர்ன்ஓவர்" என்று எழுதினால் படிப்பவர் பத்துப் பேர் இருக்கும் ஒரு ஷெட்டைக் கற்பனை செய்துகொள்வார். "மாதம் சுமார் 20,000 வார்ப்பு" என்று எழுதினால் ஷிப்டுக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் அளந்திருப்பீர்கள் என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 800 பீஸ், அது சின்ன ஷாப்பே அல்ல.

இன்னொன்று, டர்ன்ஓவர் முதலாளியின் சொந்த விஷயம். பில் புக் உங்கள் கையில் இருந்தது என்பதற்காக அதை வெளியே எழுதுவது முறையல்ல. பிரைவேட் லிமிடெட் ஆக இருந்தால் கணக்கை அவர்களே எம்சிஏவில், அதாவது மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்திருப்பார்கள், அது வேறு. அங்கே தெரியும் செலுத்தப்பட்ட மூலதனத்தைப் பார்த்துவிட்டு "1 லட்சம் ரூபாய் கம்பெனி" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பங்குக்காகப் போட்ட பணம் அது, வியாபாரத்தின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1 லட்சம் மூலதனத்தோடு பல கோடிக்கு வியாபாரம் செய்கிற கம்பெனிகள் எத்தனையோ உண்டு.

"எம்எஸ்எம்இ நிறுவனம்"னு போட்டா அளவு புரிஞ்சிடாதா?

புரியாது. 2025 ஏப்ரல் 1 முதல் டர்ன்ஓவர் 10 கோடி வரை குறு, 100 கோடி வரை சிறு, 500 கோடி வரை நடுத்தரம். இயந்திர முதலீட்டுக்குத் தனி வரம்பு இருக்கிறது. ஆக நான்கு பேர் இருக்கும் லேத் பட்டறையும் எம்எஸ்எம்இதான், சில நூறு பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலையும் எம்எஸ்எம்இதான். அந்த வார்த்தை எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஆள் எண்ணிக்கையை எழுதிவிடலாம்.

எங்க பார்ட்ஸ் பெரிய கார் கம்பெனிக்குத்தான் போகுது. "இன்ன கார் கம்பெனிக்கு சப்ளையர்"னு எழுதலாம்ல அண்ணா?

நேராகப் போகிறதா, வேறு யார் வழியாகவாவது போகிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. உங்கள் டெலிவரி சலானில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் வாடிக்கையாளர். பெரும்பாலும் ஒரு ஃபவுண்டரி பெயரோ, பிரேக் அசெம்பிளி செய்யும் கம்பெனி பெயரோதான் இருக்கும். கார் கம்பெனிக்கு அவர்கள்தான் அனுப்புவார்கள். அப்படியானால் நீங்கள் டயர் 2 அல்லது டயர் 3, அதாவது சப்ளை வரிசையில் இரண்டாவது அல்லது மூன்றாவது அடுக்கு; கார் கம்பெனிக்கு நேராக அனுப்புபவர்தான் டயர் 1. அதை அப்படியே எழுதினால் ஒரு குறையும் இல்லை: "பயணிகள் கார்களின் பிரேக் பாகங்களை, டயர் 1 நிறுவனம் ஒன்றுக்காக மெஷினிங் செய்யும் ஷாப்."

கார் கம்பெனிக்கு நேரடி சப்ளையர் என்று எழுதிவிட்டு வந்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வெண்டர் கோட் என்ன? நேரடியாக சப்ளை செய்யும் ஷாப்பில் குவாலிட்டி பார்த்தவருக்கு அது பெரும்பாலும் தூக்கத்தில் கேட்டாலும் வரும், ஒவ்வொரு லேபிளிலும் ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டிலும் அதைத்தானே எழுதியிருப்பார். தெரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே விஷயம் வெளியே வந்துவிடும், அப்புறம் ரெஸ்யூமில் இருக்கும் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

வாடிக்கையாளர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருக்கலாம். டிராயிங்கின் ஓரத்திலேயே ரகசியம் என்று முத்திரை இருக்கும். அப்படி இருந்தால் பெயரை விட்டுவிட்டு வகையை எழுதுங்கள், "கோவையின் மூன்று பம்ப் உற்பத்தியாளர்கள்" என்று நான் எழுதியது போல. துறை தெரிந்தவருக்கு அதுவே போதும். டிராயிங் நம்பரையோ பார்ட் நம்பரையோ எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

சரி, கம்பெனியைப் பத்தி எழுதியாச்சு. என் வேலையை எப்படி எழுதினா அது எவ்வளவு பெருசுன்னு புரியும்?

மேலே கம்பெனிக்காக எழுதிய எண்ணோடு உங்கள் வேலையைக் கட்டிவிடுங்கள். ஒரு பையன் என்னிடம் கொண்டு வந்த ரெஸ்யூமையே சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவன் எழுதியிருந்தது மொத்தமே இரண்டு வரி: "குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் பணிகளைக் கவனித்தேன். ரிஜெக்ஷனை 4 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்தேன்."

இரண்டாவது வரியில் விஷயம் இருக்கிறது, ஆனால் எதில் 4 சதவீதம்? மாதம் 200 பீஸில் என்றால் எட்டு பீஸ், 20,000 பீஸில் என்றால் 800 பீஸ். உட்கார வைத்துக் கேட்டேன். மோட்டார் பாடி, மாதம் 20,000. அதில் பேரிங் உட்காரும் துளைதான் அவன் வேலை. 6205 பேரிங், வெளி விட்டம் 52 மி.மீ. டிராயிங்கில் எச்7, அதாவது 52.000க்குக் கீழே போகக்கூடாது, 52.030க்கு மேலே போகக்கூடாது, மொத்தம் 30 மைக்ரான்தான் இடம். காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது சரியாக வரும் துளை, மதியத்துக்குள் மெஷின் சூடாகி, இன்சர்ட்டும் தேய்ந்து, ஒரு பக்கமாக நகர ஆரம்பித்துவிடும். முன்பு ஷிப்டுக்கு ஓரிரு பீஸ்தான் அளந்தார்கள், தப்பு தெரிவதற்குள் இருபது முப்பது பீஸ் போயிருக்கும். இவன் பத்து பீஸுக்கு ஒன்று போர் கேஜில் பார்க்க வைத்து, 52.022ஐத் தொட்டாலே மெஷினில் டூல் நிற்கும் இடத்தை, அதாவது ஆஃப்செட்டைத் திருத்த வேண்டும் என்று ஆபரேட்டர்களுக்கு ஒரு எல்லை வகுத்திருக்கிறான். ரிஜெக்ஷன் மாதம் 800லிருந்து 300க்கு இறங்கியது அதனால்தான்.

அடுத்து நான் கேட்டது சிஆரா எம்ஆரா என்று. சிஆர் என்றால் வார்ப்பிலேயே இருந்த குறை, புளோ ஹோல் மாதிரி. அது ஃபவுண்டரி கணக்கு. எம்ஆர் என்றால் மெஷினிங்கில் நடந்த தப்பு. வார்ப்பின் விலையை வாடிக்கையாளர் நம் பில்லிலிருந்து பிடித்துக்கொள்வார். இவன் குறைத்தது முழுக்க எம்ஆர். 500 பீஸ், ஒன்று 600 ரூபாய், மாதம் 3 லட்சம். அந்த ஷாப்பின் மாத வரவே 24 லட்சம் என்று மேலே பார்த்தோம், அதில் எட்டில் ஒரு பங்கை ஒரு டிப்ளமோ பையன் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான், அதை "பணிகளைக் கவனித்தேன்" என்று எழுதி வைத்திருந்தான். எனக்கு மனசே கேட்கவில்லை.

மாற்றி எழுதியது இது: "மாதம் சுமார் 20,000 மோட்டார் பாடிகளின் பேரிங் துளைக்கு (52 எச்7) லைன் இன்ஸ்பெக்ஷன் பொறுப்பு. பத்து பீஸுக்கு ஒரு அளவு, ஆஃப்செட் திருத்த எல்லை ஆகியவற்றைக் கொண்டுவந்து, மெஷினிங் ரிஜெக்ஷனை ஆறு மாதத்தில் 4 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாக (மாதம் சுமார் 800லிருந்து 300 பீஸ்) குறைத்தேன்." 3 லட்சம் ரூபாயை நான் எழுதச் சொல்லவில்லை. வார்ப்பின் விலை வாடிக்கையாளருக்கும் ஷாப்புக்கும் இடையிலானது. பீஸ் எண்ணிக்கையைப் பார்த்தாலே தொழில் தெரிந்தவருக்கு அந்த ரூபாய் மனதில் ஓடிவிடும்.

எண்ணெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல, முதலாளியும் சொல்ல மாட்டாரு. அப்ப?

நினைவிலிருந்தே கணக்கு எடுக்கலாம். இயந்திரத்தை விரல் விட்டு எண்ணிவிடுவீர்கள். ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்பதும், ஷிப்டில் எத்தனை பீஸ் வந்தால் சூப்பர்வைசர் திட்டாமல் போவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். 9 டர்னிங் சென்டர், ஷிப்டுக்கு 45 பீஸ், இரண்டு ஷிப்ட், 25 நாள்: 20,250. அதை "சுமார் 20,000" என்று எழுதுங்கள். 20,250 என்றே எழுதினால் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது போல இருக்கும், அது சரியல்ல. இப்படிப் பெருக்கிப் பார்க்கும்போது ஒரே பீஸ் இரண்டு மெஷினில் ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். முதல் ஆபரேஷன், இரண்டாவது ஆபரேஷன் என்று இருந்தால் எண்ணிக்கை பாதியாகிவிடும். பலர் சறுக்கும் இடம் இது.

என் டெசிக்னேஷன் குவாலிட்டி மேனேஜர். ஆனா எனக்குக் கீழ ரெண்டே பேர். அப்படியே போடலாமா?

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கும் பதவிப் பெயரை மாற்றாதீர்கள், சரிபார்ப்பில் அதைத்தான் கேட்பார்கள். பக்கத்திலேயே "இருவர் கொண்ட அணி, நிர்வாக இயக்குநரிடம் நேரடிப் பொறுப்பு" என்று சேர்த்துவிடுங்கள். பெரிய தொழிற்சாலையில் மேனேஜருக்குக் கீழே முப்பது பேர் இருப்பார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால் அவர்கள் முப்பது என்றே நினைத்துக் கூப்பிட்டு, வந்தபிறகு ஏமாந்துபோவார்கள்.

சின்ன இடத்தின் அகலம் என்று சொன்னேனே, அது இங்கேதான் எழுத வேண்டியது. காலையில் கேஜ் காலிபரேஷனுக்கு அனுப்பியிருப்பீர்கள், மதியம் வாடிக்கையாளர் ஆடிட், சாயங்காலம் ஃபவுண்டரியோடு சிஆர் சண்டை. பெரிய இடத்தில் இது மூன்று துறை. நிஜமாகவே தனியாகச் செய்ததை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

எங்க கம்பெனி பேர்லயே ஊர்ல நாலு கம்பெனி இருக்கு. குழப்பம் வராதா?

கட்டாயம் வரும். சாமி பெயரில் ஒரே மாதிரி எத்தனை இன்டஸ்ட்ரீஸ் இருக்கிறது! சம்பளச் சீட்டிலோ பில்லிலோ இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், சட்டப்படியான பெயர், வணிகப் பெயர் என்று இரண்டு வரும். தனியுரிமை நிறுவனம் என்றால் சட்டப்படியான பெயர் முதலாளியின் பெயராகவே இருக்கும். ரெஸ்யூமில் வணிகப் பெயரையும் ஊர்ப் பகுதியையும் எழுதுங்கள், சரிபார்ப்புப் படிவத்தில் இரண்டு பெயரையும் கொடுங்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் கம்பெனிக்குப் பக்கம் இல்லை என்றால் லோகோ இல்லாமல் வெறும் பெயராக விடுங்கள். அதே பெயரில் இருக்கும் பெரிய கம்பெனியின் லோகோ தானாக ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

இன்டர்வியூல "அது என்ன கம்பெனி? கேள்விப்பட்டதே இல்லையே"ன்னு கேட்டா?

என்னிடமும் ஒருமுறை கேட்டார்கள், "வீட்டுக்குப் பின்னாடி ஷெட் போட்டு நடத்தறதா?" என்றே கேட்டார்கள். அன்று எனக்கு முகம் சிவந்து, கம்பெனியைத் தற்காத்துப் பேசியே பத்து நிமிடம் போய்விட்டது, என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது கேட்டால், அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு மூச்சு விடாமல் துளைக்குப் போய்விடுவேன்: "பம்ப் மோட்டார் பாடி சார், நாளுக்கு எண்ணூறு, பேரிங் துளை 30 மைக்ரானுக்குள்ள நிக்கணும்." அதற்கு அடுத்த கேள்வி கம்பெனியைப் பற்றி வராது, எதில் அளந்தீர்கள் என்றுதான் வரும்.

கம்பெனியை மூடிட்டாங்க. இப்ப அதைப் பத்தி எழுதினா யார் நம்புவாங்க?

"2014 முதல் இயங்கியது, 2023இல் மூடப்பட்டது" என்பது போல ஆண்டோடு அந்த ஒரு வரியிலேயே எழுதிவிடுங்கள், போன் எடுக்கவில்லையே என்று அவர்கள் குழம்ப மாட்டார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் எம்சிஏ தளத்தில் அதன் நிலை இன்னும் தெரியும், தனியுரிமை நிறுவனம் அங்கே இருக்காது. உங்கள் ஆதாரம் பிஎஃப் பாஸ்புக்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தக் கம்பெனி கட்டியது என்பது அதில் இருக்கும். பிஎஃப் இல்லாத இடம் என்றால் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரமும், அப்போது உங்களுக்கு மேலே இருந்த சூப்பர்வைசரின் போன் நம்பரும். அவர் இன்று வேறு ஷாப்பில்தான் இருப்பார், உங்களைப் பற்றிக் கேட்டால் சொல்வார். நம்பரைக் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.